பாட்டிக்காக இலாகாவுக்குப் போகும் தம்பிக்கு ஒரு கடிதம் வேண்டும்



இன்று ஒரே ஒரு கடிதத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். இன்னொருவருக்காக நீங்கள் ஓர் இலாகாவுக்குப் போகும்போது, அவர் உங்களுக்கு எழுதித் தரவேண்டிய அதிகாரக் கடிதம். மலாயில் சூராட் வாக்கில் என்பார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு வைத்துக்கொள்வோம். பிரிஞ்சாங் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் 30 வருடம் கொழுந்து பறித்த ஒரு பாட்டி. 1955-இல் இதே மலையில் பிறந்தவர். ஆனால் கையில் இருப்பதோ சிவப்பு அடையாளக் கார்டு. மெர்டேக்காவுக்கு முன் இந்த நாட்டில் பிறந்தவர்கள் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க அரசியலமைப்பின் 16-ஆவது பிரிவு வழி வைத்திருக்கிறது. அதன்படி தேசியப் பதிவு இலாகாவில் விண்ணப்பம் கொடுத்தாயிற்று. கையில் ஒரு ரசீதும் அதில் ஒரு எண்ணும் உண்டு. அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை. பாட்டிக்கு முழங்கால் வலி. தோட்டத்திலிருந்து பிரிஞ்சாங் வந்து, அங்கிருந்து தானா ராத்தா போய் வரிசையில் நிற்க முடியாது. நீங்கள் போகிறீர்கள். கவுண்டரில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வி: "நீங்கள் யார்?"

அந்தக் கேள்வி நியாயமானது. பாட்டியின் பிறப்பு விவரம், முகவரி, விண்ணப்பத்தின் நிலை எல்லாம் பாட்டிக்குச் சொந்தம். வருகிறவருக்கெல்லாம் அதைச் சொன்னால் நாளைக்கு வட்டிக்காரன் கூட வந்து கேட்பான். ஆகவே அதிகாரியிடம் சண்டைக்குப் போகாமல் கடிதத்தோடு போங்கள்.

இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். கடிதத்தை எழுதுவது சுலபம், பாட்டியிடம் கேட்பதுதான் கஷ்டம். நம் ஆட்கள் கிராணி நீட்டிய தாளில் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் கைநாட்டு வைத்துப் பழகியவர்கள். வீட்டை இழந்தவர்களும் கடனில் மாட்டியவர்களும் அந்தக் கைநாட்டில்தான் மாட்டினார்கள். "பாட்டி, இதில் ஒரு கையெழுத்து போடுங்க" என்று நீங்கள் அவசரமாகத் தாளை நீட்டினால், அவர் ஒன்று பயந்து மறுப்பார், அல்லது உங்கள் முகத்துக்காகப் போட்டுவிடுவார். இரண்டாவதுதான் அதிக ஆபத்து.

எனவே வீட்டில், அவர் மகனோ மகளோ கூட இருக்கும்போது, தமிழில் சொல்லுங்கள். "பாட்டி, உங்க விண்ணப்பம் எங்க நிக்குதுன்னு ஜேபிஎன்ல கேட்கப் போறேன். நீங்க என்னை அனுப்பினீங்கன்னு ஒரு கடிதம் வேணும். கேட்கலாம், கேட்கிற பேப்பரைக் கொடுக்கலாம், அவங்க தர்ற கடிதத்தை வாங்கலாம். இந்த மூணுக்கு மட்டும்தான். உங்க பேர்ல வேற எதுக்கும் நான் கையெழுத்து போட முடியாது. வேண்டாம்னா எப்ப வேணும்னாலும் சொல்லுங்க, கடிதத்தைத் திருப்பித் தந்துடறேன்." பிறகு, நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள் என்று பாட்டியையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். "தம்பி எனக்கு நீலக் கார்டு வாங்கித் தரும்" என்று அவர் சொன்னால் புரியவில்லை என்று அர்த்தம். மறுபடியும் சொல்லுங்கள். கேட்டுச் சொல்வது மட்டும்தான் உங்கள் வேலை. முடிவெடுப்பது அரசாங்கம்.

கடிதத்தை மலாயில் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். மேலே பாட்டியின் பெயர், அடையாளக் கார்டு எண், முகவரி. அடுத்து உங்கள் பெயரும் எண்ணும். அதன்பின் எந்த இலாகா, எந்த விண்ணப்பம், ரசீதில் உள்ள எண் என்ன. பிறகு அந்த மூன்று வேலைகள். "என் எல்லா விஷயங்களுக்கும்" என்று எழுதவே எழுதாதீர்கள். அப்படி எழுதிய கடிதம் பாட்டிக்கும் ஆபத்து, உங்களுக்கும் பழி. கடிதம் எழுதிய தேதியையும், எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் போடுங்கள். ஆறு மாதம் என்று வைத்தால் நல்லது. முடிந்தால் புதிதாக ஒன்று எழுதிக்கொள்ளலாம்.

பெயர் விஷயத்தில் கவனம். தோட்டத்தில் எல்லோரும் லெட்சுமி பாட்டி என்போம். அந்தப் பெயரை ரோமன் எழுத்தில் நாலு விதமாக எழுதலாம். பிறப்புப் பத்திரத்தில் அன்றைய கிராணி ஒரு மாதிரியும், கார்டில் இன்னொரு மாதிரியும் எழுதியிருப்பார்கள். கடிதத்தில் கார்டில் உள்ளதை எழுத்துக்கு எழுத்து அப்படியே பார்த்து எழுதுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் வேறு ஆள் என்று திருப்பி அனுப்ப இடம் உண்டு.

பாட்டிக்கு எழுதத் தெரியாவிட்டால் கைநாட்டு போதும். ஆனால் அதற்கு முன் கடிதம் முழுவதையும் தமிழில் படித்துக் காட்டவேண்டும். படித்துக் காட்டினோம் என்று கடிதத்திலேயே ஒரு வரி எழுதி, உங்களைத் தவிர வேறொருவர் சாட்சியாகக் கையெழுத்திட்டுத் தம் பெயரையும் கார்டு எண்ணையும் எழுதட்டும். வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கிவிட்டுப் பிறகு நிரப்புவது கூடவே கூடாது. பாட்டி நம்பிக்கையோடு கொடுத்தாலும் வேண்டாம்.

இரண்டு பிரதி எழுதி இரண்டிலும் கைநாட்டு வாங்குங்கள். ஒன்றை இலாகா எடுத்துக்கொண்டால் இன்னொன்று உங்களிடம் இருக்கும். இருவர் கார்டின் நகலையும் இணைத்துக்கொள்ளுங்கள். அசல் கார்டைப் பார்க்கவேண்டும் என்று அதிகாரி கேட்டால் கொண்டுபோய், அன்று மாலையே பாட்டி கையில் கொடுத்துவிடுங்கள். கார்டைத் தம்மிடமே வைத்திருக்கவேண்டும் என்பது சட்டம். போவதற்கு முன் கவுண்டரில் ஒருமுறை கேட்டுக்கொள்வதும் நல்லது. சில இலாகாக்கள் தங்கள் சொந்த பாரத்தைத்தான் ஏற்கும்.

யாராவது உங்களிடம் "இதற்கு வக்கீலிடம் பவர் பத்திரம் போடவேண்டும்" என்று காசு கேட்டால் யோசியுங்கள். அது சூராட் குவாசா வாக்கில், 1949-ஆம் ஆண்டுச் சட்டப்படி செய்து உயர்நீதிமன்றத்தில் பதியும் பத்திரம். நிலம், வீடு விற்பதற்கு அது வேண்டும். விண்ணப்பம் எங்கே நிற்கிறது என்று கேட்பதற்கு யாரும் அவ்வளவு பெரிய பத்திரம் கேட்கமாட்டார்கள்.

கடிதம் செய்ய முடியாதவையும் உண்டு. நேர்காணலுக்குப் பாட்டிதான் போகவேண்டும், அவருக்கு மலாய் தெரியுமா என்று அங்கே பார்ப்பார்கள். குடியுரிமைச் சத்தியப் பிரமாணத்தையும், கைரேகை பதிவதையும் அவருக்குப் பதிலாக நீங்கள் செய்ய முடியாது. அந்த நாளுக்கு வண்டி ஏற்பாடு செய்வதுதான் உங்கள் வேலை. இன்னொன்று, சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் சொல்லியாகவேண்டும். பாட்டி காலமானால் கடிதமும் செல்லாது. நினைவு தப்பினாலும் அப்படித்தான். 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அதன்பிறகு அவருடைய சேமநிதிப் பணம் போன்றவற்றுக்கு அவர் பெயர் குறித்தவரோ வாரிசுகளோதான் தங்கள் பெயரில் போகவேண்டும். பழைய கடிதத்தைக் காட்டி அலையாதீர்கள்.

இலாகாவில் என்ன சொன்னார்கள் என்பதை அங்கேயே ஒரு நோட்டில் எழுதுங்கள்: தேதி, அதிகாரியின் பெயர், அவர் சொன்ன வார்த்தை. "இன்னும் புரோசஸில் இருக்கிறது" என்றால் அதையும் எழுதி, மறுபடி எப்போது வரலாம் என்று கேளுங்கள். எந்த முகவரிக்குக் கடிதம் போகும் என்பதையும் கேளுங்கள். பதிவில் தோட்ட ஆபீஸ் முகவரி இருந்தால், வந்த கடிதம் கிராணி மேசையில் கிடந்து காய்ந்துகொண்டிருக்கலாம். முதலில் அங்கே போய்ப் பாருங்கள்.

அன்று மாலையே பாட்டி வீட்டுக்குப் போய் நோட்டைப் படித்துக் காட்டுங்கள். நல்ல செய்தி இல்லாவிட்டாலும் போகவேண்டும். வேலை முடிந்ததும் உங்களிடம் உள்ள கடிதத்தை அவர் முன்னாலேயே கிழித்துவிட்டு, இலாகாவிடம் உள்ள பிரதி இனி வேண்டாம் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்துவிடுங்கள்.