கம்பெனியின் கடன் கூடியதா, கணக்கு மாறியதா?

(தோட்டக் கமிட்டித் தலைவர்களுக்கான வகுப்பில் ஆற்றிய உரை)



சம்பளப் பேச்சுவார்த்தையில் கம்பெனிக்காரர்கள் ஐந்தொகையைக் காட்டி, "எங்கள் கடன் எவ்வளவு என்று பாருங்கள்" என்பார்கள். அந்தத் தொகைக்குள் குத்தகைப் பொறுப்பு என்று ஒரு வரி இருக்கும். அது எப்படி அங்கே வந்தது என்பதை நாம் அறிந்திருக்க வேண்டும்.

நாம் வேலை செய்யும் தோட்டக் காணிகளில் பெரும்பகுதி கம்பெனிகளுக்குச் சொந்தமில்லை. 1992 முதல் 53 வருடக் குத்தகைக்கு அரசிடமிருந்து பெற்றவை. லொறி, கட்டடம் போன்றவற்றையும் கம்பெனிகள் குத்தகைக்கு எடுப்பதுண்டு. முன்பு பல குத்தகைகளின் வாடகை, அந்தந்த வருடச் செலவாக மட்டும் எழுதப்பட்டது. 2019 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இலங்கை நிதி அறிக்கையிடல் நியமம் 16 அதை மாற்றியது. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால், சிறு பெறுமதியுள்ள பொருட்கள் நீங்கலாக, இனிக் கொடுக்கவேண்டிய வாடகை முழுவதையும் இன்றைய பெறுமதியில் பொறுப்பாக எழுத வேண்டும். அந்தப் பொருளைப் பயன்படுத்தும் உரிமையைச் சொத்தாக எழுத வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு கம்பெனி ஒரு கட்டடத்தை 5 வருடக் குத்தகைக்கு எடுக்கிறது. வருட முடிவில் 10 இலட்சம் ரூபா வாடகை. வட்டி 10 வீதம். மொத்தம் 50 இலட்சம் கொடுக்க வேண்டும். ஆனால் பின்னால் கொடுக்கும் பணத்துக்கு இன்றைய பெறுமதி குறைவு. கணக்கிட்டால் சுமார் 37.91 இலட்சம். முதல் நாளே ஐந்தொகையில் சொத்தும் பொறுப்பும் அதே தொகையால் கூடும். பெட்டியிலிருந்து ஒரு சதமும் போகவில்லை. ஆனால் கடன் கூடியதாகத் தெரியும்.

இனி இலாபக் கணக்கு. வாடகை என்ற செலவு மறைந்துவிடும். அதற்குப் பதிலாக, சொத்தின் பெறுமானத் தேய்வு வருடத்துக்கு 7.58 இலட்சம். முதல் வருட வட்டி 3.79 இலட்சம். இரண்டும் சேர்ந்து 11.37 இலட்சம். கையால் கொடுத்ததோ 10 இலட்சம்தான். முதல் வருட இலாபம் 1.37 இலட்சம் குறைந்து தெரியும். பொறுப்பு குறையக் குறைய வட்டியும் குறையும். ஐந்தாம் வருடச் செலவு 8.49 இலட்சம் மட்டுமே. ஐந்து வருடத்தையும் கூட்டினால் அதே 50 இலட்சம்தான்.

இதனால் குத்தகைப் பொறுப்பு பொய் என்று சொல்லிவிடக் கூடாது. வாடகை கட்டியே ஆக வேண்டும். விலைச் சுட்டியோடு வாடகை ஏறும் ஒப்பந்தமானால், ஏறும்போது பொறுப்பும் சொத்தும் திரும்பக் கணக்கிடப்பட்டுக் கூடும். ஆனால் அது புதிதாக வங்கியில் வாங்கிய கடன் அல்ல.

ஆகவே அறிக்கை கையில் கிடைத்தால் மூன்றைப் பாருங்கள். கணக்குக் குறிப்புகளில் வங்கிக் கடனையும் குத்தகைப் பொறுப்பையும் தனித்தனியே எழுதிக்கொள்ளுங்கள். இலாபம் குறைந்திருந்தால், அதில் குத்தகையின் வட்டியும் தேய்வும் எவ்வளவு என்று கேளுங்கள். பிறகு காசுப் பாய்ச்சல் கூற்றில் அந்த வருடம் உண்மையில் கட்டிய குத்தகைப் பணத்தைப் பாருங்கள். முந்திய வருடத்திலும் அதே தொகைதான் கட்டியிருந்தால், குத்தகையைக் காட்டி "இந்த வருடம் கையில் காசு இல்லை" என்று சொல்ல முடியாது.