முன்பணம் யாருக்குச் சேரும்?
செல்லாத ஒப்பந்தமும் மீறப்பட்ட ஒப்பந்தமும்

(நமது ஜமாஅத் வணிகப் பெருமக்கள் கூட்டத்தில் வழக்கறிஞர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கோட்டாறு கடைவீதியிலும் வடசேரிச் சந்தையிலும் வியாபாரம் செய்வோர் என்னிடம் அதிகமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "பேச்சு முறிந்துவிட்டது, கொடுத்த முன்பணம் திரும்பக் கிடைக்குமா?" என்பதே அது. இதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது. ஒப்பந்தம் எந்த வகையில் முறிந்தது என்பதை முதலில் அறிய வேண்டும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இவ்வகைகளைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுகிறது.

முதலாவது, செல்லாத ஒப்பந்தம். சட்டத்தின் பார்வையில் அது தோன்றவே இல்லை. கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் என்ற இளைஞர், இருபத்தொரு வயது நிறையாத நிலையில், 1895ஆம் ஆண்டு ஜூலை மாதம் தம் வீட்டை 20,000 ரூபாய்க்கு அடமானம் எழுதிக் கொடுத்தார். அவர் மைனர் என்று சில நாள்களுக்கு முன்பே தாயாரின் வழக்கறிஞர் கடிதம் மூலம் எச்சரித்திருந்தார். இருந்தும் கடன் கொடுத்தார்கள். 1903இல் லண்டன் பிரிவி கவுன்சில், மைனர் செய்த ஒப்பந்தம் தொடக்கம் முதலே செல்லாது என்று தீர்ப்பளித்ததோடு, அவர் பெற்றுக்கொண்ட பணத்தைத் திருப்பித் தர ஆணையிடவும் மறுத்துவிட்டது. கடன் கொடுத்தவர் வயதை அறிந்தே கொடுத்தார் என்பது இதில் கவனிக்கத்தக்கது.

ஆனால் தகுதியுள்ள இருவர் நல்லெண்ணத்துடன் ஒப்பந்தம் செய்து, அது செல்லாதது என்று பிறகு தெரியவந்தால் நிலைமை வேறு. கொச்சியிலிருந்து லாரியில் வந்துகொண்டிருக்கும் சரக்குக்கு இருவரும் விலை பேசுகிறார்கள். அச்சரக்கு முந்தைய நாளே தீயில் அழிந்துபோனதை இருவருமே அறியவில்லை. அந்த ஒப்பந்தம் செல்லாது. சட்டத்தின் 65ஆம் பிரிவின்படி, முன்பணம் பெற்றவர் அதைத் திருப்பித் தர வேண்டும்.

இரண்டாவது, ரத்து செய்யத்தக்க ஒப்பந்தம். மிரட்டல், மோசடி, தவறான தகவல், செல்வாக்கைத் தவறாகப் பயன்படுத்துதல் ஆகியவற்றால் ஒருவருடைய சம்மதம் பெறப்பட்டிருந்தால், பாதிக்கப்பட்டவர் விரும்பினால் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம், விரும்பினால் ஏற்றுக்கொள்ளலாம். அவர் ரத்து செய்யும் வரை அது உயிருடன்தான் இருக்கும். 1917இல் சென்னை உயர்நீதிமன்றத்திற்கு ஒரு வழக்கு வந்தது. ஒருவர் தம் மனைவியையும் மகனையும், தற்கொலை செய்துகொள்வேன் என்று அச்சுறுத்தி, தம் சகோதரருக்குச் சாதகமாக விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கினார். தற்கொலை மிரட்டலும் சட்டம் கூறும் வற்புறுத்தலே என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்மானித்தனர். இப்படி ரத்து செய்பவர், அந்த ஒப்பந்தத்தால் தாம் பெற்ற பலனை மறுதரப்புக்குத் திருப்பித் தரவேண்டும் என்பதை மறக்கக் கூடாது. உண்மை தெரிந்த பிறகும் சரக்கை வாங்கி விற்றுக்கொண்டிருந்தால், ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும்.

மூன்றாவது, சட்டவிரோத ஒப்பந்தம். இதுதான் நம் இளைஞர்களை அதிகம் பாதிக்கிறது. அரசு வேலை வாங்கித் தருவதாகக் கூறி ஒருவர் பணம் கேட்பதும், வேலை தேடுபவர் அதைக் கொடுக்க ஒப்புக்கொள்வதும் செல்லாது என்று 23ஆம் பிரிவின் எடுத்துக்காட்டிலேயே கூறப்பட்டுள்ளது. வேலை கிடைக்கவில்லை, பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று சிவில் வழக்குப் போட்டால், இரு தரப்பினரும் ஒரே குற்றத்தில் பங்குகொண்டதால் நீதிமன்றம் பொதுவாக உதவிக்கரம் நீட்டாது. ஏமாற்றியவர் மீது குற்றப் புகார் கொடுக்கலாம். அது வேறு வழி. கடன் பத்திரம் என்று பெயர் மாற்றி எழுதிக்கொண்டாலும் உண்மையான நோக்கம் வெளிப்பட்டால் பயன் இருக்காது.

செல்லாதது எல்லாம் சட்டவிரோதம் அன்று என்பதையும் இங்குக் கூற வேண்டும். கோதுமை விலை ஏற்ற இறக்கத்தின் மீது பந்தயம் வைக்க இருவர் கூட்டுச் சேர்ந்து, நஷ்டம் முழுவதையும் ஒருவர் கட்டினார். பந்தயம் செல்லாதது என்றாலும் சட்டவிரோதமன்று. ஆகவே கூட்டாளியிடமிருந்து அவர் பங்கைப் பெறலாம் என்று 1959இல் உச்சநீதிமன்றம் கேருலால் பாரக் வழக்கில் தீர்ப்பளித்தது. கூட்டின் நோக்கமே சட்டவிரோதமாக இருந்திருந்தால் அப்பங்கும் கிடைத்திருக்காது.

இனி, சரியாகச் செய்யப்பட்ட ஒப்பந்தத்தை ஒரு தரப்பினர் மீறும் நிலைக்கு வருவோம். ஒரு கற்பனை எடுத்துக்காட்டு. ஒரு வியாபாரி, தோட்டக்காரரிடம் 10,000 தேங்காயை, காய் ஒன்று 20 ரூபாய் வீதம், குறிப்பிட்ட நாளில் கோட்டாற்றில் ஒப்படைப்பதாகப் பேசி 50,000 ரூபாய் முன்பணம் கொடுக்கிறார். தோட்டக்காரர் காய் தரவில்லை. அந்த நாளில் கோட்டாற்றில் விலை 24 ரூபாய். அப்படியானால் காய்க்கு 4 ரூபாய் வீதம் 40,000 ரூபாய் இழப்பீடும், முன்பணம் 50,000 ரூபாயும் அவருக்குச் சேரும். அன்று விலை 18 ரூபாயாக இருந்தால், வேறிடத்தில் மலிவாக வாங்கியிருக்கலாம். எனவே முன்பணம் மட்டுமே திரும்பும். "எனக்கு வெளியூரில் 30 ரூபாய்க்கு வாங்க ஆள் இருந்தார்" என்று பிறகு சொல்வதில் பயனில்லை. ஒப்பந்தம் பேசும்போதே அதைத் தோட்டக்காரருக்குத் தெரிவித்திருந்தால்தான் அக்கூடுதல் இழப்பைக் கேட்கலாம் என்பது 73ஆம் பிரிவின் கருத்து.

இங்குப் பலர் தோற்றுப் போவது சட்டத்தில் அன்று, சாட்சியத்தில். 1947 ஆகஸ்ட் மாதத்தில் கான்பூரில் ஒப்படைக்க வேண்டிய கேன்வாஸ் துணி வந்து சேரவில்லை. வாங்குபவர், அது கல்கத்தா செல்வதற்கான சரக்கு என்று கல்கத்தா விலையைக் காட்டி இழப்பீடு கேட்டார். ஒப்படைக்கும் இடம் கான்பூர், அங்கே மீறிய நாளின் விலை என்ன என்பதற்குச் சான்று இல்லை என்று உச்சநீதிமன்றம் 1961இல் அவருக்கு எதையும் தராமல் அனுப்பிவிட்டது. ஆகவே பேச்சு முறிந்த அன்றே, ஒப்படைக்கும் இடத்துச் சந்தை விலைச் சீட்டையோ வேறு கடையின் பில்லையோ பத்திரப்படுத்துங்கள்.

எதிர்ப்புறமும் உண்டு. வாங்குபவர் பின்வாங்கினால் முன்பணம் முழுவதையும் விற்பவர் எடுத்துக்கொள்ளலாம் என்று பலர் எண்ணுகின்றனர். டெல்லியில் 1,12,500 ரூபாய்க்கு ஒரு சொத்து பேசி, 1,000 ரூபாய் அச்சாரமும் பின்னர் 24,000 ரூபாயும் கொடுக்கப்பட்டது. பணம் பறிமுதல் என்ற நிபந்தனையும் பத்திரத்தில் இருந்தது. 1963இல் ஃபதேசந்த் வழக்கில் உச்சநீதிமன்றம், 1,000 ரூபாய் அச்சாரத்தை விற்பவர் வைத்துக்கொள்ளலாம். ஆனால் 24,000 ரூபாயை, இழப்பு நிரூபிக்கப்படாத நிலையில், தண்டம் என்று பறிக்க முடியாது என்றது. 74ஆம் பிரிவு, பத்திரத்தில் எழுதப்பட்ட தொகையை உச்சவரம்பாகக் கொண்டு, அதற்குள் நியாயமான இழப்பீட்டையே தருகிறது. ஆகவே பத்திரம் எழுதும்போது, எது உறுதிக்கான அச்சாரம், எது விலையின் ஒரு பகுதி என்று தனித்தனியே எழுதுங்கள்.

இறுதியாக ஒன்று. மீறிய நாளிலிருந்து பொதுவாக மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். "தருகிறேன், தருகிறேன்" என்ற வாய்மொழியில் காலம் நீளாது. நிலுவையை ஒப்புக்கொண்டு, காலம் முடியுமுன் எழுதிக் கையொப்பமிட்ட கடிதமே காலத்தைப் புதுப்பிக்கும்.