எந்தக் கவுன்சலிங் யாருக்கு? ஒரே வீட்டில் இரண்டு பேர்

ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு பேரைப் பற்றிச் சொல்லி ஆரம்பிக்கிறேன். ஒருத்தி என் கல்லூரித் தோழி. இன்னொருவர் அவளோட அப்பா. அவங்க சம்மதத்தோடதான் சொல்றேன். பெயரும் ஊரும் மட்டும் வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க.

தோழியோட அம்மா சித்திரையில் இறந்துபோனாங்க. ஆவணி வந்தபோது அந்த வீட்டில் இரண்டு பேரும் ஒரே மாதிரி பேசினாங்க. "நெஞ்சு படபடன்னு அடிக்குது, ராத்திரி தூக்கமே இல்ல." அரசு மருத்துவமனையில் இ.சி.ஜி., ரத்த சோகை, தைராய்டு எல்லாம் பார்த்தாச்சு. உடம்பில் கோளாறு எதுவும் இல்லை. இந்தப் பரிசோதனையைத் தாண்டிப் போகக் கூடாது. தைராய்டு கூடினாலும் இதே படபடப்பு வரும்.

அதன் பிறகு ஆன்லைனில் ஒரு நிறுவனத்தில் இரண்டு பேருக்கும் கவுன்சலிங் பதிவு செய்தாங்க. ஓர் அமர்வு 1,000 ரூபாய், ஆளுக்கு நான்கு அமர்வு. மொத்தம் 8,000 ரூபாய். ஒரு மாதம் கழித்து இரண்டு பேரும் சொன்னது ஒன்றுதான்: "கவுன்சலிங் எல்லாம் சும்மா."

சும்மா இல்லை. அப்பாவுக்குப் பொருந்துவது மகளுக்கும், மகளுக்குப் பொருந்துவது அப்பாவுக்கும் கிடைச்சிருந்தது. அது எப்படின்னு சொல்றேன். நான் மருத்துவர் இல்லை, தகவல் எழுதுகிற வேலையில் இருக்கிறவன். ஆனால் பணமும் நம்பிக்கையும் எந்த இடத்தில் வீணாகுதுன்னு இந்த இரண்டு பேர் கதையில் தெளிவாத் தெரியும்.

முதலில் மகள். அவளுக்குப் பயம் வருவது பேருந்தில். நாலு நிறுத்தம் தாண்டியதும் நெஞ்சு அடிக்கும், மூச்சு முட்டும், "செத்துப்போயிடுவேன்"னு தோணும். உடனே இறங்கிடுவா. இறங்கிய ஐந்தாவது நிமிடம் சரியாகிடும். பிறகு ஆட்டோ. மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு ஆட்டோவுக்கே போச்சு. ஆன்லைனில் கிடைத்த ஆலோசகர் அன்பா கேட்டாங்க, ஆறுதல் சொன்னாங்க. அன்றைக்கு மனசு லேசாச்சு. மறுநாள் அதே நிறுத்தத்தில் இறங்கினா.

இந்த மாதிரி, ஒரு சக்கரம் போலத் திரும்பத் திரும்பச் சுற்றும் பிரச்சினைக்குத்தான் சிபிடி. தமிழில் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை என்கிறோம். 1960களில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் மனநல மருத்துவர் ஆரன் பெக் இதற்கு அடித்தளம் போட்டார். நடந்த விஷயத்தைவிட, அந்த நேரத்தில் மனசில் சட்டென்று ஓடும் நினைப்புதான் நம்மை வாட்டுது என்பதை அவர் கவனித்தார். சிபிடியில் பேசுவது பாதி, வீட்டுப்பாடம் பாதி.

தோழி பிறகு ஒரு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனா. அங்கே க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் முதல் இரண்டு அமர்வில் அந்தச் சக்கரத்தை ஒரு தாளில் வரைஞ்சாங்க. நெஞ்சு அடிக்குது, "மாரடைப்பு"ன்னு நினைப்பு, அந்தப் பயத்தில் இன்னும் வேகமா அடிக்குது, இறங்குறா, நிம்மதி. அந்த நிம்மதிதான் சிக்கல். "இறங்கினதாலதான் பிழைச்சேன்"னு மூளை பாடம் கத்துக்குது. அதனால் அடுத்த முறை இன்னும் சீக்கிரமே பயம் வருது.

மூன்றாவது வாரம் ஒரு நோட்டு. எந்த இடம், என்ன நினைப்பு, பயம் நூற்றுக்கு எவ்வளவு, கடைசியில் உண்மையா என்ன நடந்தது. நான்காவது வாரம் அந்த அறையிலேயே ஒரு நிமிடம் நின்ற இடத்தில் ஓடச் சொன்னாங்க. நெஞ்சு அதே மாதிரி அடிச்சது, ஆனா ஒண்ணும் ஆகலை. படபடப்பு வேற, ஆபத்து வேறன்னு உடம்பே தெரிஞ்சுக்கணும், அதுக்குத்தான் இது. (இதயக் கோளாறு, ஆஸ்துமா, கர்ப்பம் இருப்பவங்க மருத்துவர் சொல்லாமல் இதைச் செய்யக் கூடாது.)

அதற்குப் பிறகு படிப்படியாகப் பேருந்து. முதலில் தம்பி பக்கத்தில் இருக்க இரண்டு நிறுத்தம். அடுத்து தனியா இரண்டு. அடுத்து ஐந்து. விதி ஒன்றே ஒன்று: பயத்துக்காக இறங்கக் கூடாது, முடிவு செய்த நிறுத்தத்தில்தான் இறங்கணும். கையில் எப்பவும் பிடிச்சிருக்கும் தண்ணீர் பாட்டிலையும், கதவோர இருக்கையையும் ஒவ்வொன்றா விட்டா. முதல் நாள் பயம் 90. ஒரு மாதத்தில் அதே தூரத்துக்கு 35. பன்னிரண்டு அமர்வில் முடிந்தது. இன்னைக்கும் சில நாள் நெஞ்சு அடிக்கும். இறங்குவதில்லை.

இப்போ அப்பா. ஆன்லைனில் அவருக்குக் கிடைத்தது சிபிடி தாள். "உங்கள் எதிர்மறை எண்ணம் என்ன? அதற்கு ஆதாரம் என்ன?" அவர் எழுதிய எண்ணம், "அவ இல்லாம வீடு வீடா இல்ல." அதுக்கு என்ன ஆதாரம் கேட்கிறது? அந்தத் தாளை மடிச்சு வச்சுட்டார். அவர் நினைப்பில் பிழை எதுவும் இல்லை. முப்பது வருடத் துணை போயிட்டாங்க. அது இழப்பு.

இழப்பு, உறவுச் சண்டை, ஓய்வு பெறுவது, புது ஊருக்குப் போவது என வாழ்க்கை இடம் மாறியதில் வந்த மனச்சோர்வுக்கு வேறு வழிகள் இருக்கு. ஒன்று, ஆதரவாகக் கேட்கும் கவுன்சலிங். இன்னொன்று ஐபிடி, அதாவது உறவுகளை மையமா வைத்த சிகிச்சை. இதுவும் வழக்கமா 12 முதல் 16 அமர்வில் முடியும். மனச்சோர்வுக்கு சிபிடியும் ஐபிடியும் ஏறத்தாழ ஒரே அளவு பலன் தருவதாகத்தான் ஆய்வுகள் சொல்லுது. அதனால் எது உசத்தின்னு பார்க்க வேண்டாம், எது நமக்குப் பொருந்தும்னு பாருங்க.

அப்பாவிடம் அரசு மருத்துவமனை ஆலோசகர் முதலில் கேட்டது, "அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போன நாளிலிருந்து சொல்லுங்க." மூன்று வாரம் அதைத்தான் சொன்னார், அழுதார். மகளிடம்கூடச் சொல்லாத ஒன்று அப்போதான் வெளியே வந்தது: கடைசி ராத்திரி தூங்கிட்டோமேங்கிற குற்ற உணர்வு. பிறகு பேச்சு, இப்போ யார் யார் இருக்காங்க என்பதற்கு வந்தது. காலையில் டீக்கடைக்குத் திரும்பப் போவது, சமையலை மகளோடு பங்கு போடுவது. தூக்கம் மெல்ல வந்தது.

மூன்றாவது வகையும் ஒன்று உண்டு. சின்ன வயதிலிருந்தே எல்லா உறவிலும் ஒரே மாதிரி அடிபடுகிறவங்க, அதன் வேரைத் தேடிப் பேசும் உளப்பகுப்பாய்வு வழிச் சிகிச்சைக்குப் போகலாம். அது மாதக்கணக்கில், சில நேரம் வருடக்கணக்கில் போகும். செலவையும் நேரத்தையும் முன்கூட்டியே யோசிச்சுக்கோங்க. திரும்பத் திரும்பக் கை கழுவுவது, பூட்டைச் சரிபார்ப்பது போன்ற ஓசிடிக்கு மட்டும் வெறும் ஆறுதல் பேச்சு போதாது. அதுக்கு சிபிடியின் ஒரு வடிவம் இருக்கு, பயத்தை எதிர்கொண்டு கழுவாமல் இருக்கப் பழக்குவது. அதைத்தான் கேளுங்க.

சரி, எங்கே போவது? உங்க கையில் இருக்கும் போனில் 14416 போடுங்க. இது டெலி மானஸ். தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு" மனநல சேவை என்ற பெயரில் இருக்கு. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். பயிற்சி பெற்ற ஆலோசகர் கேட்பார். தேவைப்பட்டால் மனநல நிபுணருக்கு இணைப்பார் அல்லது பக்கத்து மருத்துவமனைக்கு வழி சொல்வார். ஆனால் ஒன்று: வாரா வாரம் ஒரே ஆளோடு பன்னிரண்டு அமர்வு செய்ய இது ஏற்ற இடம் இல்லை. இது நுழைவாயில்.

தொடர் சிகிச்சைக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனை அல்லது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகமும் இருக்கு. வெளிநோயாளி சீட்டு வாங்கும்போதே இதைக் கேளுங்க: "க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் எந்தெந்த நாள் இருக்காங்க? சிபிடி தொடர்ந்து கொடுப்பாங்களா?" கூட்டம் இருக்கும், காத்திருக்கணும். அமர்வு இரண்டு வாரத்துக்கு ஒன்றாகவும் ஆகலாம். அப்போ இடைப்பட்ட வாரத்துக்கும் வீட்டுப்பாடம் கேட்டு வாங்கிக்கோங்க.

காசு கொடுத்து ஆன்லைனில் போறீங்கன்னா, வீடியோவில் செய்யும் சிபிடியும் நல்ல பலன் தரும். ஆனால் கவுன்சலர்னு போட்டுக்கொள்கிற எல்லாருக்கும் ஒரே படிப்பு கிடையாது. க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் கேளுங்க. மொத்தத் தொகுப்புக்குப் பணம் கட்டாமல் முதல் அமர்வுக்கு மட்டும் கட்டுங்க. அதில் மூன்று கேள்வி கேளுங்க: "என் பிரச்சினைக்கு என்ன முறை, ஏன்? எத்தனை அமர்வு ஆகும்? தேறுறேனான்னு எதை வைத்துப் பார்ப்போம்?" சிபிடின்னு சொல்லி வீட்டுப்பாடமே தரலைன்னா அது சிபிடி இல்லை. பேசும் இடமும் முக்கியம். ஒற்றை அறை வீடு என்றால் மொட்டை மாடி, இயர்போன். வீட்டில் யாராவது கேட்டுக்கிட்டு இருந்தால் உண்மை வாயிலிருந்து வராது.

நான்காவது அமர்வில் நின்று பாருங்க. முழுசா சரியாகி இருக்காது. ஆனால் பேருந்தில் எத்தனை நிறுத்தம் போனேன், வாரத்தில் எத்தனை ராத்திரி தூங்கினேன்னு எண்ணக்கூடிய ஏதாவது ஒன்று அசைந்திருக்கணும். அசையலைன்னா அதை ஆலோசகரிடமே சொல்லுங்க. நல்ல ஆலோசகர் கோபப்பட மாட்டார், முறையை மாற்றுவார், அல்லது வேறு ஆளிடம் அனுப்புவார்.

சில நேரத்தில் எந்த முறைன்னு தேர்வு செய்துகொண்டு இருக்கக் கூடாது. செத்துடலாம்னு எண்ணம் வந்தால் உடனே 14416. உயிருக்கு ஆபத்தான நிலை என்றால் 108. காதில் குரல் கேட்பது, நாள்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் இல்லாமல் இருப்பது என்றால் முதலில் மனநல மருத்துவர். வீட்டில் அடி வாங்குகிற பெண்ணுக்கு நினைப்பை மாற்றும் பயிற்சி பதில் இல்லை, பாதுகாப்புதான் முதல் தேவை. அதற்கு 181.

தோழியோட அப்பா இப்போ காலையில் டீக்கடைக்குப் போறார். மகள் பேருந்தில் வேலைக்குப் போறா. அன்றைக்கு அந்த 8,000 ரூபாய்க்கு முன்னாடி, "எனக்கு என்ன முறை, ஏன்?"னு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த ஒரு மாதம் மிச்சமாகி இருக்கும். நீங்க கேட்டுடுங்க.