சிற்றுண்டி வேலைக்கு நேரப் பட்டியல்



வீட்டிலேயே சிற்றுண்டி செய்து தினமும் அனுப்பும் மகளிர், கொண்டு சேர்க்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி வேலைகளைக் கணக்கிட்டுப் பட்டியல் எழுதிக்கொள்ளுதல் வேண்டும்.

100 இட்டலிகளைக் காலை 7-30 மணிக்கு ஆலை வாயிலில் சேர்க்க வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். பொட்டலம் கட்டவும் எடுத்துச் செல்லவும் 45 நிமிடம் ஆகுமாதலால், 6-45க்குள் யாவும் வெந்திருக்க வேண்டும். ஓர் ஈட்டிற்கு 25 இட்டலி வீதம் நான்கு ஈடு. ஈடு ஒன்றுக்கு 15 நிமிடம். ஆகவே, முதல் ஈடு 5-45க்கு அடுப்பில் ஏறவேண்டும். சாம்பார் மற்றோர் அடுப்பில் கொதிக்கட்டும். விரைவில் கெடும் தேங்காய்ச் சட்னியைக் கடைசியாக 6-30க்கு அரைக்கலாம்.

மாவு புளிக்க ஏறத்தாழ 9 மணி நேரம் வேண்டும். எனவே முந்திய இரவு 8-30க்குள் அரைத்து முடித்து, அதற்கென அரிசியையும் உளுந்தையும் பிற்பகல் 3 மணிக்கே ஊறவைக்க வேண்டும். மார்கழிக் குளிரில் மாவு மெதுவாகவே பொங்கும். அப்பொழுது இவ்விரு வேலைகளையும் 2 மணி நேரம் முன்னதாகத் தொடங்குக.

மற்ற வேலைகளை ஆள் கூட்டி விரைவாக்கலாம். புளிப்பை அவ்வாறு விரைவாக்க இயலாது. ஆதலால் 5 மணிக்கு மாவைத் திறந்து பார்த்தலையும் பட்டியலில் சேர்த்திடுக. மாவு பொங்கவில்லையெனில், ஆலையாருக்குத் தெரிவித்துவிட்டு, இருப்பிலுள்ள ரவையில் உப்புமா கிளறி உரிய நேரத்தில் அனுப்பிவிடலாம்.