பதினோரு தவணையும் ஒரு போனஸும்

பெரிய நகைக்கடைகளில் உள்ளே நுழைந்ததும் ஓரமாக ஒரு மேசை இருக்கும். அங்கே உட்கார்ந்திருக்கும் பெண் சொல்வது ஒரே பாடம்தான்: "பதினோரு மாசம் நீங்க கட்டுங்க, பன்னிரண்டாவது மாசத்தை நாங்க போட்டுத் தர்றோம்." இதைத்தான் நகைச் சீட்டு என்கிறோம். மாதம் 5,000 ரூபாய் கட்டினால் 11 மாதத்தில் 55,000. கடை 5,000 போனஸ் சேர்க்கும். கையில் 60,000 ரூபாய்க்கு நகை.

55,000-க்கு 5,000 என்றால் 9 சதவீதம் என்று தோன்றும். உண்மையில் கணக்கு இன்னும் கவர்ச்சியானது. முதல் தவணை கடையில் 11 மாதம் கிடக்கிறது, கடைசித் தவணை ஒரே மாதம். சராசரியாக நம் பணம் கடையில் இருப்பது ஆறே மாதம். ஆறு மாதத்துக்கு 9 என்றால் வருஷத்துக்கு 18. எந்த வங்கி இதைத் தரும்? ஒரு கடை எப்படித் தருகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பதில் சேதாரத்தில் இருக்கிறது.

தங்கத்தின் அன்றைய விலை எல்லாக் கடையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். அதன் மேல் சேதாரம், செய்கூலி என்று போடுகிறார்களே, அது கடைக்குக் கடை, டிசைனுக்கு டிசைன் மாறும். எளிய செயினுக்கு 8 சதவீதம் கேட்பவரும் உண்டு, அதே மாதிரிச் செயினுக்கு 14 கேட்பவரும் உண்டு. தங்கத்தின் விலையையும் இதையும் கூட்டிய தொகை மேல் 3 சதவீதம் ஜி.எஸ்.டி.

கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று கிராம் 10,000 ரூபாய் என வைத்துக்கொள்வோம். விலையும் வருஷம் முழுக்க மாறவில்லை. ஒரு பெண் சீட்டுக் கட்டுகிறார். அவர் கடையில் அந்தச் செயினுக்குச் சேதாரம் 14 சதவீதம். போனஸோடு சேர்ந்த 60,000-க்கு வரி போக அவருக்கு வருவது 5.1 கிராம் செயின்.

அவருடைய தங்கை அதே 5,000 ரூபாயை மாதாமாதம் வங்கியில் ஆர்.டி. போடுகிறார். வட்டி ஆறரை சதவீதம் என்றால் 11 மாதத்தில் ஏறத்தாழ 1,790 ரூபாய்தான் சேரும். போனஸ் 5,000-க்குப் பக்கத்தில் இது ஒன்றுமில்லை. ஆனால் அவர் பணத்தோடு நாலு கடை ஏறி இறங்கலாம். 8 சதவீதச் சேதாரத்துக்குக் கொடுக்கும் கடையில் ஒரே பில்லாக வாங்குகிறார். அவருக்கும் 5.1 கிராம்! ஐம்பது ரூபாய் அளவில்தான் வித்தியாசம். அக்காவின் போனஸில் ஆர்.டி. வட்டிக்கு மேலே இருந்த பங்கைச் சேதாரத்தின் அந்த 6 சதவீதம் சாப்பிட்டுவிட்டது.

தங்கையும் 14 சதவீதக் கடையிலேயே வாங்கியிருந்தால்? அவருக்கு 4.84 கிராம்தான் வந்திருக்கும். அப்போது அக்காவுக்குக் கால் கிராமுக்கு மேல் லாபம். ஆகவே சீட்டு ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. நமக்கு வழக்கமான கடை, சேதாரமும் நியாயமாகப் போடும் கடை என்றால் போனஸ் உண்மையான காசு.

இதுவரை பேசியது மாதச் சம்பளத்தில் சேர்ப்பவர்களுக்கு. 55,000 ரூபாயை முழுசாகக் கையில் வைத்திருப்பவர் கதை வேறு. அவர் இன்றே வாங்கினால் இன்றைய விலை. சீட்டில் போட்டால் 11 மாதம் கழித்து 60,000, ஆனால் அன்றைய விலை. அதற்குள் தங்கம் 9 சதவீதம் ஏறிவிட்டால் போனஸ் தீர்ந்தது. மீதிப் பணம் வங்கியில் கிடந்து கொஞ்சம் வட்டி தரும், அதையும் சேர்த்தால் எல்லை 10, 11 சதவீதம் வரை போகலாம். தங்கம் சமீப வருஷங்களில் ஏறிய வேகத்தை நினைத்துப் பாருங்கள். நகை எப்படியும் வேண்டும், பணமும் இருக்கிறது என்றால் போனஸுக்காகக் காத்திருப்பதில் எனக்கு நியாயம் தெரியவில்லை. விலை இறங்கும் என்று உறுதியாக நம்புகிறவர் காத்திருக்கட்டும், அது அவர் துணிச்சல்.

இந்த இடத்தில் சீட்டின் வகையைக் கவனிக்க வேண்டும். நான் மேலே சொன்னது பணமாகச் சேரும் சீட்டு. எடையாகச் சேரும் சீட்டும் உண்டு. கட்டும் ஒவ்வொரு மாதமும் அன்றைய விலைக்கு எத்தனை மில்லிகிராம் என்று புத்தகத்தில் வரவு வைப்பார்கள். விலை ஏறும் வருஷத்தில் இதுதான் நல்லது. 10,000-ல் தொடங்கி மாதாமாதம் சீராக ஏறி வருஷக் கடைசியில் 12,000-க்குப் போகிறது என்றால், பணச் சீட்டின் 60,000-க்கு 5 கிராம் தங்கம்தான் வரும். எடைச் சீட்டில் போனஸே இல்லாமல் 5.05 கிராம் சேர்ந்திருக்கும். எடைச் சீட்டில் போனஸ் பெரும்பாலும் பணமாக வராது, சேதாரத் தள்ளுபடியாக வரும். அதற்கும் ஒரு வரம்பு உண்டு. 18 சதவீதம் வரை தள்ளுபடி என்றால், 22 சதவீதச் சேதாரமுள்ள ஆரத்துக்கு மீதி 4 சதவீதம் நாம் கட்ட வேண்டும். சேரும்போதே "எடையா, பணமா, தள்ளுபடி எத்தனை சதவீதம் வரை?" என்று கேட்டு, அட்டையின் பின்பக்கம் அச்சிட்டிருப்பதோடு ஒத்துப் பாருங்கள்.

அடுத்தது, பணம் மாட்டிக்கொள்வது. கட்டிய பணத்தை ரொக்கமாகத் திருப்பித் தரமாட்டார்கள். நடுவில் நிறுத்தினால் போனஸ் போய்விடும். பல கடைகளில் இந்தத் தொகைக்குத் தங்கக் காசும் வாங்க முடியாது, நகைதான். முதிர்ந்த பிறகு விலை குறையட்டும் என்று ரொம்ப நாள் விட்டுவைக்கவும் முடியாது. 2014-ல் வந்த கம்பெனி வைப்புத்தொகை விதிகளின்படி, பொருளுக்காக வாங்கிய முன்பணத்துக்கு 365 நாளுக்குள் பொருளைக் கொடுத்துவிட வேண்டும், தாண்டினால் அது வைப்புத்தொகையாகக் கருதப்படும். தவணை 11 மாதத்தோடு நிற்பதற்குக் காரணம் அதுதான்.

முன்பணம் என்பதால் இன்னொன்றும் உண்டு. வங்கியில் போட்ட பணத்துக்கு 5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறது. நகைக்கடையில் கட்டியதற்கு அது கிடையாது. சென்னையில் 2017-ல் பல கிளைகள் வைத்திருந்த பழைய கடை மூடப்பட்டபோதும், 2023-ல் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட கடை மூடப்பட்டபோதும் பணம் கட்டியவர்கள் ரசீதோடு காவல் நிலையத்தில்தான் நின்றார்கள். ஒரு தவணை போனஸ் என்பது வழக்கம். அதற்கு மேல் இரண்டு, மூன்று தவணை தருகிறோம் என்றோ, மாதாமாதம் வட்டி தருகிறோம் என்றோ ஒரு கடை சொன்னால், அது நகை வியாபாரத்தின் லாபத்தில் வரக்கூடிய பணம் அல்ல.

சீட்டு முடிந்து நகை வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. அட்டையை உடனே எடுத்து நீட்டாதீர்கள். சாதாரண வாடிக்கையாளராக நகையைத் தேர்ந்தெடுத்து, எஸ்டிமேட் போடச் சொல்லுங்கள். அந்தத் துண்டுச் சீட்டில் நிகர எடை, சேதார சதவீதம், கல் விலை மூன்றும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். கல்லின் எடை தங்கத்தோடு சேர்ந்திருந்தால் கேளுங்கள். பேரம் பேசிச் சேதாரம் இறங்கிய பிறகு அட்டையைக் கொடுங்கள். சீட்டுக்காரர்களுக்கு இந்தக் குறைப்பு கிடையாது என்று விற்பனையாளர் சொல்வாரானால், அந்தக் கடையின் போனஸ் உண்மையில் எவ்வளவு என்பதை அவரே சொல்லிவிட்டார். அடுத்த வருஷச் சீட்டில் சேரச் சொல்லிப் படிவத்தை நீட்டுவதும் பெரும்பாலும் பில் போடும் அதே கல்லாவில்தான்.