பத்தாயிரம் ரூபாய்க்கு எட்டு வரி

ஏடிஎம் அறையின் மூலையில் ஒரு குப்பைக்கூடை இருக்கும். இயந்திரம் கக்கும் துண்டுச் சீட்டுகளை ஜனங்கள் கசக்கி எறிவது அதில்தான். எறிந்தவற்றில் பெரும்பாலானவை எறியத் தக்கவையே. பணம் கைக்கு வந்துவிட்டபின் சீட்டு எதற்கு? ஆனால் பணம் வராமல் சீட்டு மட்டும் வரும் நாளும் உண்டு. அன்றைக்கு அந்தச் சீட்டுதான் பணம். எரிச்சலில் அதைக் கூடையில் வீசிவிட்டு வெளியே வருகிறவர்தான், பிறகு வங்கிக்கு இரண்டு பக்கத்தில் கோபமாகக் கடிதம் எழுதுகிறவர்.

கும்பகோணத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆள் கற்பனை, அவருக்கு நடந்தது கற்பனையல்ல; தினமும் யாருக்காவது நடப்பதுதான். 2025 மார்ச் 3, திங்கட்கிழமை மாலை. தம்முடைய வங்கியின் ஏடிஎம்மில் கூட்டம் என்பதால், பக்கத்திலிருந்த வேறொரு வங்கியின் இயந்திரத்தில் கார்டைச் செருகி 10,000 ரூபாய் கேட்கிறார். உள்ளே நோட்டு எண்ணும் சத்தம் கேட்கிறது. பிறகு அமைதி. பணம் வரவில்லை. சீட்டு வருகிறது. வெளியே வருவதற்குள் கைபேசியில் குறுஞ்செய்தி: கணக்கிலிருந்து 10,000 ரூபாய் எடுக்கப்பட்டது.

மறுபடி முயன்று பார்க்கிறார். இந்த முறை பணம் வந்துவிடுகிறது. ஆக, கணக்கில் குறைந்தது 20,000, கையில் இருப்பது 10,000.

அன்றிரவு அவர் கைபேசியில் எழுதிய முதல் கடிதம் இப்படித் தொடங்கியது: “பதினெட்டு வருஷமாக உங்கள் வாடிக்கையாளர் நான். இப்படி நடத்துவது நியாயமா? சாமானியன் பணம் என்றால் உங்களுக்கு இளக்காரமா? நேற்று உங்கள் ஏடிஎம்மில் பத்தாயிரம் எடுத்தேன், பணம் வரவில்லை…” இதற்குப் பின் கிளை மேலாளரின் நடத்தை, போன வருஷம் பிடித்த குறைந்தபட்ச இருப்புக் கட்டணம், நுகர்வோர் நீதிமன்றம் என்று அது நீண்டது. நல்லவேளை, அனுப்புவதற்குள் தூங்கிவிட்டார்.

அந்தக் கடிதம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வங்கியின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்திருப்பவருக்கு இவருடைய பதினெட்டு வருஷமும் தெரியாது, மேலாளரின் முகமும் தெரியாது. அவருக்கு முன்னால் இருப்பது ஒரு திரை. அதில் தேட அவருக்கு வேண்டியது கணக்கு எது, தேதி எது, தொகை எவ்வளவு, எந்தப் பரிவர்த்தனை என்பவை. கடிதத்தில் தொகை மட்டும்தான் சரி. தேதி ‘நேற்று’ என்று இருக்கிறது; உண்மையில் அது அன்று. ‘உங்கள் ஏடிஎம்’ என்பதும் தவறு, அது வேறு வங்கியுடையது. எல்லாவற்றையும்விட மோசமான பிழை, அன்று இரண்டு முறை பணம் கேட்டதை அவர் சொல்லவே இல்லை. திரையில் 10,000 ரூபாய் இரண்டு தெரியும். இரண்டாவதைப் பார்த்து, ‘பரிவர்த்தனை வெற்றிகரமாக முடிந்துள்ளது’ என்று பதில் அனுப்பிப் புகாரை மூடிவிடுவார்கள். அதில் பொய்யும் இல்லை. இரண்டாவது முறை பணம் வந்தது உண்மைதானே.

ஏடிஎம் புகார்கள் தடம் மாறிப் போகும் முக்கியமான இடம் இது. வராத பணத்தைப் பற்றி எழுதுகிறவர்கள், அடுத்து வந்த பணத்தைச் சொல்லாமல் விடுகிறார்கள். சொன்னால் வழக்கு பலவீனமாகிவிடும் என்று ஒரு பயம். நடப்பது நேர் எதிர்.

ஏன் என்று புரிய, இயந்திரத்துக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஏடிஎம்மும் தனக்கென்று ஒரு நாட்குறிப்பு எழுதுகிறது. எத்தனை மணிக்குக் கார்டு வந்தது, எவ்வளவு கேட்கப்பட்டது, எத்தனை நோட்டு எண்ணப்பட்டது, வாய் திறந்து பணத்தை நீட்டியதா இல்லையா என்பதெல்லாம் அதில் பதிவாகிறது. இது ஒரு சாட்சி. இரண்டாவது சாட்சி, பெட்டியிலுள்ள ரொக்கம். பணம் நிரப்புகிறவர்கள் வந்து இருப்பை எண்ணும்போது, கணக்குப்படி வெளியே போயிருக்க வேண்டிய 10,000 உள்ளேயே இருந்தால் அது கூடுதல் ரொக்கமாகத் தெரிந்துவிடும். கேமராப் பதிவு மூன்றாவது. அது என்றென்றைக்கும் இருக்காது, பழையது அழிந்து புதியது ஏறிக்கொண்டே இருக்கும். அதனால்தான் சீக்கிரம் எழுத வேண்டும். இந்த மூன்று சாட்சிகளும் வங்கிகளின் கையில் இருக்கின்றன. வாடிக்கையாளர் செய்ய வேண்டியது, எந்த நிமிடத்தைப் பார்க்க வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டுவதுதான். அந்த விரல்தான் சீட்டிலிருக்கும் பரிவர்த்தனை எண்.

கடைக்காரர் சட்டைப் பையில் இரண்டு சீட்டுகளும் இருந்தன. கடை ஆள் அல்லவா, துண்டுக் காகிதத்தைத் தூக்கி எறிகிற பழக்கமில்லை. மார்ச் 5, புதன்கிழமை காலையில் வியாபாரம் தொடங்குமுன் அவர் எழுதியது இது. எண்கள் எடுத்துக்காட்டுக்காக.

“பொருள்: 03-03-2025 அன்று ஏடிஎம்மில் பணம் வரவில்லை, கணக்கில் 10,000 ரூபாய் பிடிக்கப்பட்டது.

என் சேமிப்புக் கணக்கின் கடைசி நான்கு எண்கள் 4417, டெபிட் கார்டின் கடைசி நான்கு எண்கள் 9026.

03-03-2025, மாலை 6.42: வேறு வங்கியின் ஏடிஎம்மில் 10,000 ரூபாய் கேட்டேன், பணம் வரவில்லை. பரிவர்த்தனை எண் 5183. ஏடிஎம் எண்ணும் இடமும் இணைத்துள்ள சீட்டில் உள்ளன.

மாலை 6.43: 10,000 ரூபாய் எடுக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வந்தது.

மாலை 6.47: அதே இயந்திரத்தில் மீண்டும் 10,000 ரூபாய் கேட்டேன், பணம் வந்தது. பரிவர்த்தனை எண் 5185. இதில் எனக்குப் புகார் இல்லை.

05-03-2025 காலை 9 மணி வரை முதல் தொகை திரும்ப வரவில்லை.

இணைப்பு: இரண்டு சீட்டுகளின் படம், இரண்டு குறுஞ்செய்திகளின் படம், மார்ச் 3 முதல் 5 வரையிலான கணக்கு அறிக்கை.

5183 எண்ணுள்ள பரிவர்த்தனையின் 10,000 ரூபாயைத் திரும்ப வரவு வைத்து, புகார் எண்ணைத் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

பெயர், கணக்கில் பதிவான கைபேசி எண்.”

பொருள் வரியைத் தள்ளினால் எட்டு வரி. இதில் கோபம் ஒரு சொல்கூட இல்லை. பணிவும் அளவுக்கு மேல் இல்லை; ‘தாழ்மையுடன்’, ‘மேலான சமூகம்’ எல்லாம் இல்லாமலே வேலை நடக்கிறது. ‘இதில் எனக்குப் புகார் இல்லை’ என்ற நான்கு சொற்கள்தான் இந்தக் கடிதத்தின் உயிர்நாடி. அவை இருப்பதால் 5185-ஐக் காட்டி யாரும் புகாரை மூட முடியாது.

இல்லாதவற்றையும் கவனிக்க வேண்டும். முழுக் கார்டு எண் இல்லை. கார்டின் பின்னாலுள்ள மூன்று இலக்கம் இல்லை. ரகசிய எண்ணும் ஓடிபியும் இல்லவே இல்லை. இப்படிப்பட்ட கடிதத்துக்கு அவை தேவைப்படாது. போன வருஷத்துக் குறைந்தபட்ச இருப்புக் கட்டணமும் இல்லை. அது தனிப் புகார், தனிக் கடிதம். இரண்டையும் ஒன்றில் போட்டால் எளிதானதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிடுவது அலுவலகங்களின் இயல்பு.

கடிதம் போனது தம் சொந்த வங்கிக்கு. இயந்திரம் யாருடையதாக இருந்தாலும், கார்டு கொடுத்த வங்கியிடம்தான் புகார் செய்ய வேண்டும். ஏடிஎம் வங்கியோடு பேசித் தீர்த்துக்கொள்வது அவர்கள் பாடு. வங்கியின் சொந்த இணையதளத்திலோ செயலியிலோ கார்டின் பின்புறத்திலோ உள்ள முகவரிக்கும் எண்ணுக்கும்தான் போக வேண்டும். கோபத்தில் சமூக ஊடகத்தில் வங்கியைத் திட்டிக் கைபேசி எண்ணையும் போடுகிறவர்களுக்கு முதலில் பதில் சொல்வது பல நேரங்களில் வங்கியாக இருப்பதில்லை. ‘வாடிக்கையாளர் சேவை’ என்ற பெயரில் மோசடிக்காரர்கள் அங்கே காத்திருக்கிறார்கள். பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று சொல்லி ஓடிபி கேட்பார்கள்.

இனி காலக்கெடு. இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று ஒரு சுற்றறிக்கை விட்டது. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் பிடிக்கப்பட்டால், நடந்த நாளிலிருந்து ஐந்து நாளுக்குள் வங்கி தானாகவே திருப்பித் தர வேண்டும். தவறினால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. அதையும் வாடிக்கையாளர் கேட்கும்வரை காத்திராமல் வங்கியே வரவு வைக்க வேண்டும். நாள் என்பது நாட்காட்டி நாள், வங்கி வேலை நாள் அல்ல. கடைக்காரருக்குக் கெடு முடிவது மார்ச் 8. அது இரண்டாவது சனிக்கிழமை, வங்கிக்கு விடுமுறை. இருந்தாலும் கணக்கு நிற்காது.

கடைச் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில் 8-ஐ அவர் வட்டமிட்டார். ஏப்ரல் 4-லும் ஒரு வட்டம். புகார் கொடுத்து 30 நாள் முடியும் நாள் அது. அதற்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். cms.rbi.org.in என்ற தளத்தில் கட்டணமின்றிப் புகார் செய்யலாம், விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. ஆனால் முதலில் வங்கிக்கு எழுதியதற்கான சான்று இல்லாமல் அங்கே போனால் புகாரை ஏற்கமாட்டார்கள். அந்த எட்டு வரிதான் அங்கேயும் சான்று.

மார்ச் 12 வரை பணம் வரவில்லை. இங்கேதான் பொறுமை வழுக்கும். புதிதாக இன்னொரு புகார் பதிவு செய்யத் தோன்றும். செய்தால் புது எண், புது வரிசை, மறுபடி முதலிலிருந்து. கடைக்காரர் பழைய புகார் எண்ணைப் பொருள் வரியில் போட்டு, முதல் கடிதத்தையும் கீழே இணைத்து, இவ்வளவு மட்டும் எழுதினார்: “05-03-2025 அன்று கொடுத்த புகார். ரிசர்வ் வங்கி விதித்த ஐந்து நாள் கெடு 08-03-2025 அன்று முடிந்தது. இன்றுவரை வரவு இல்லை. தற்போதைய நிலையைத் தெரிவிக்கவும்.”

மார்ச் 18 அன்று 10,000 ரூபாய் வந்தது. இழப்பீடு வரவில்லை. கடைக்காரருக்குக் கணக்குப் போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 9-ம் தேதி முதல் 18-ம் தேதி வரை பத்து நாள், நாளுக்கு 100 வீதம் 1,000 ரூபாய். மூன்றாவது கடிதம் அதே புகார் எண்ணோடு போனது: “10,000 ரூபாய் 18-03-2025 அன்று கிடைத்தது, நன்றி. 09-03-2025 முதல் 18-03-2025 வரை பத்து நாள் தாமதத்துக்கு 1,000 ரூபாய் இழப்பீட்டை வரவு வைக்கவும்.”

நான்கு நாள் கழித்து அதுவும் வந்தது. ஏப்ரல் 4-ஐச் சுற்றியிருந்த வட்டத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார். அந்தக் குறைந்தபட்ச இருப்புக் கட்டணம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. போன வருஷத்துக் கணக்கு அறிக்கையைத் தேட மேசை இழுப்பறையைத் திறந்தார்.