யாருக்கு எந்த அத்தியாயம்?



போன செமஸ்டரில் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, ஸ்கூடாயில் தங்கிப் படிக்கும் என் அண்ணன் மகளிடமிருந்து கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. எனக்கு வரவேண்டியதல்ல அது. தன் தோழிகள் குழுவுக்கு அனுப்பியதை, "சித்தப்பா, இது சரியா இருக்கா பாருங்க" என்று எனக்கும் தட்டிவிட்டிருந்தாள். ஜொகூர் பாருவில் பல வருஷம் மாலை வகுப்பில் நிர்வாகப் பாடம் நடத்தியவன் நான். அதனால் இந்தத் தொல்லை எனக்கு வாடிக்கைதான்.

செய்தி ஏறக்குறைய இப்படி இருந்தது: "எட்டு பாப், நாம நாலு பேரு. 1, 2 நான் எடுத்துக்கறேன். 3, 4 நீ. 5, 6 அவ. 7, 8 கடைசி ஆளு. வியாழன் ராத்திரிக்குள்ள நோட்ஸ் வரணும். அவங்கவங்க பாப்புக்கு அவங்கவங்களே பத்து கேள்வி போட்டு குவிஸ் செய்ங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி எல்லாம் சேர்ந்து போடலாம். லேட்டா அனுப்புறவங்க எல்லாருக்கும் மீ கோரெங் வாங்கித் தரணும்."

தேர்வு அதற்கு மறுநாள், திங்கட்கிழமை காலை. ஆக, கையில் இருந்தது பத்து நாள். பாடம் நிர்வாகத்தின் அடிப்படைக் கோட்பாடுகள். திட்டமிடல், ஒழுங்கமைத்தல், வழிநடத்தல், கட்டுப்படுத்தல் என்று போகிற அந்தப் பாடத்தை உங்கள் வீட்டுப் பிள்ளை யாராவது படித்திருப்பார்கள். அந்த நான்கையும் அவள் தெரியாமலேயே இந்தச் செய்திக்குள் செய்திருந்தாள். கெடு வைத்தாள், வேலையைப் பிரித்தாள், மீ கோரெங்கைக் காட்டி ஊக்கமும் மிரட்டலும் ஒன்றாகக் கொடுத்தாள். அத்தியாயப் பிரிப்பும் தற்செயலாக நியாயமாகவே அமைந்திருந்தது. பெயரும் வருஷமும் நிறைந்த வரலாற்று அத்தியாயம் இரண்டாவது. ஒழுங்கமைத்தல் ஆறாவது. ஊக்குவிப்பும் தலைமையும் ஏழாவது. கனமான ஒன்றும் இலேசான ஒன்றுமாக ஆளுக்கு இரண்டு விழுந்தன.

கோளாறு நான்காவது வேலையில், கட்டுப்படுத்துவதில்தான் இருந்தது.

குறிப்பு எழுதியவளே தன் அத்தியாயத்துக்குக் கேள்வியும் போட்டால் என்ன ஆகும்? புத்தகத்தைப் படிக்கும்போது அவள் கண்ணில் படாமல் போன பத்தி குறிப்பில் இருக்காது. குறிப்பில் இல்லாதது கேள்வியிலும் வராது. அவள் எதையாவது தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால், அதே தப்பு சரியான விடையாகக் குவிஸில் போய் உட்காரும். மற்ற மூன்று பேரும் அவள் குறிப்பைப் படித்து, அவள் கேள்விக்கு அவள் விரும்பிய விடையை எழுதி, பத்துக்குப் பத்து வாங்கிச் சந்தோஷமாகப் படுத்துத் தூங்குவார்கள். கடைக் கணக்கை எழுதுகிறவரே அதைத் தணிக்கையும் செய்தால் என்ன கதியோ, அதே கதிதான்.

அவளை அழைத்து ஒரே ஒரு மாற்றம் சொன்னேன். "அத்தியாயம் அப்படியே இருக்கட்டும்மா. கேள்வியை மட்டும் ஓர் ஆள் தள்ளி வை." அதாவது 1, 2க்கு இரண்டாவது ஆள் கேள்வி போடுவாள். 3, 4க்கு மூன்றாவது ஆள். 5, 6க்கு நான்காவது ஆள். 7, 8க்கு இவளே. அதிலும் ஒரு நிபந்தனை: கேள்வி போடுகிறவள் தோழியின் குறிப்பைத் திறக்கவே கூடாது, பாடநூலைப் பார்த்துத்தான் கேள்வி எடுக்க வேண்டும். இப்படிச் செய்தால் ஒவ்வொருத்தியும் இரண்டு அத்தியாயத்துக்குக் குறிப்பு எழுதுவாள், வேறு இரண்டுக்குக் கேள்வி போடுவாள். ஆக, நான்கு அத்தியாயத்தைப் புத்தகத்திலிருந்தே நேராகப் படித்தாக வேண்டும். தான் போட்ட கேள்விக்குத் தானே பதில் எழுத முடியாதே. மீதி ஆறு அத்தியாயம், அறுபது கேள்வி. ஒருத்தி குறிப்பெழுதிய அத்தியாயமும் அந்த அறுபதுக்குள் வந்துவிடும், இன்னொருத்தி போட்ட கேள்வியாக.

அடுத்தது நாள் கணக்கு. ஞாயிறு ராத்திரி ஒரே மூச்சில் எண்பது கேள்வி என்பது பரீட்சை மண்டபத்துக்கே தூக்கத்தைக் கட்டிக்கொண்டு போகிற வேலை. குறிப்பு திங்கள் இரவுக்குள், கேள்வி செவ்வாய் இரவுக்குள் என்று கெடுவை முன்னுக்கு இழுத்தோம். புதன்கிழமை 1, 3, 5, 7. ஒரு நாள் இடைவெளி. வெள்ளிக்கிழமை 2, 4, 6, 8. சனி இரவு, தப்பு விட்ட கேள்விகள் மட்டும். ஞாயிறு எதுவும் இல்லை.

"கேள்வி போடுற நேரத்துல நோட்ஸையே இன்னும் நாலு தடவை படிச்சிடலாமே சித்தப்பா" என்றாள். எல்லாப் பிள்ளைகளும் கேட்கிற கேள்விதான். இதற்கு ஒரு நல்ல பரிசோதனை உண்டு. 2006-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்தது. மாணவர்களுக்கு இரண்டு சிறு பத்திகள் கொடுத்தார்கள். ஒன்றை இரண்டு தரம் படித்தார்கள். மற்றதை ஒரு தரம் படித்துவிட்டு, தாளை மூடி, ஞாபகத்தில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது இரண்டு தரம் படித்த பத்தியே முந்தியது, 81 விழுக்காடு. எழுதிப் பார்த்தது 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது கணக்குத் தலைகீழானது. எழுதிப் பார்த்த பத்தியில் 56 விழுக்காடு நினைவிருந்தது, திரும்பப் படித்ததில் 42தான்.

அந்த முதல் ஐந்து நிமிஷம்தான் நம் பிள்ளைகளை ஏமாற்றுகிறது. திரும்பப் படித்தவுடன் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். தேர்வு இன்னும் ஐந்து நிமிஷத்தில் என்றால் படிக்கட்டும், நானே சொல்வேன். ஒரு வாரம் இருந்தால் புத்தகத்தை மூடட்டும்.

கேள்வி போடுவதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், குவிஸ் கெடுவது பெரும்பாலும் அங்கேதான். ஒரு தோழி முதலில் அனுப்பிய கேள்வி: "ஹென்றி ஃபயோல் எத்தனை கொள்கைகளைச் சொன்னார்?" பதினான்கு. தெரிந்தால் ஒரு மதிப்பெண், அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. பத்தில் நான்கு அப்படி இருக்கலாம். மீதி ஆறும் ஒரு சம்பவத்தைச் சொல்லிக் கேட்கிற மாதிரி இருக்கட்டும் என்றேன்.

அந்தத் தோழியின் தாத்தா குளுவாங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவராம். தோட்டத்து ஏணி நேயர்கள் பலருக்குத் தெரிந்ததுதான். மேலே துரை, அவருக்குக் கீழே கிராணி, அடுத்து மண்டோர், கடைசியில் பால் மரம் வெட்டுகிறவர். ஃபயோல் பிரெஞ்சுச் சுரங்க நிறுவனம் ஒன்றை நடத்தியவர், 1916-இல் தம் கொள்கைகளை வெளியிட்டார். மேலிருந்து கீழே இறங்கும் அதிகாரச் சங்கிலி என்று அவர் எழுதியதை நம் தாத்தாக்கள் விடியற்காலைப் பெரட்டிலேயே பார்த்துவிட்டார்கள். அதை வைத்துப் பேத்தி புதுக் கேள்வி எழுதினாள்: "மண்டோர் ஒருவரை மூன்றாம் நம்பர் நிரைக்குப் போகச் சொல்கிறார். அதே நேரம் கிராணி வந்து, அவரையே ஸ்டோருக்கு வரச் சொல்கிறார். இங்கே ஃபயோலின் எந்தக் கொள்கை உடைகிறது?" ஒருவருக்கு ஒரே மேலாளரிடமிருந்துதான் உத்தரவு வர வேண்டும் என்பதே விடை. நான்கு விடைகளில் ஒன்றாக 'ஒரே இலக்குக்கு ஒரே திட்டம்' என்ற கொள்கையையும் சேர்த்தாள். இரண்டும் கேட்க ஒரே மாதிரி இருக்கும். முதலாவது ஆளைப் பற்றியது, இரண்டாவது வேலையைப் பற்றியது. பிள்ளைகள் குழம்புகிற இடம் சரியாக அதுதான். நல்ல கேள்வியின் தப்பான விடைகள் இப்படித்தான் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி இருக்க வேண்டும். சம்பந்தமில்லாத மூன்றை அடுக்கினால் படிக்காதவனும் தட்டிவிடுவான்.

புதன்கிழமை குவிஸ் நடந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு அண்ணன் மகள் அழைத்தாள். ஏழாவது அத்தியாயத்துக்கு அவள் போட்ட ஒரு கேள்வியில் மூன்று பேரும் தவறியிருந்தார்கள். கேள்வி இது: "தொழிற்சாலை ஒன்றில் சம்பளம் குறைவு என்று முணுமுணுப்பு. சம்பளத்தை உயர்த்தினார்கள். முணுமுணுப்பு நின்றது, ஆனால் யாரும் கூடுதல் ஆர்வத்தோடு வேலை செய்யவில்லை. ஹெர்ஸ்பெர்க் இதை எப்படி விளக்குவார்?" சம்பளம் ஓர் ஊக்கி, உயர்த்தியது போதவில்லை என்று மூவரும் எழுதியிருந்தார்கள்.

மூன்று பேருமே தவறினால் இரண்டு இடத்தில் பார்க்க வேண்டும். கேள்வி குழப்பமாக இருக்கிறதா, இல்லை குறிப்பிலேயே பிழை இருக்கிறதா? ஒருத்தி மட்டும் தவறியிருந்தால் அது அவள் படிக்காமல் விட்டது, அவ்வளவுதான். கேள்வியைப் படித்தேன், தெளிவாகத்தான் இருந்தது. நான்காவது ஆளின் குறிப்பைத் திறந்தால் 'ஊக்கிகள்' என்ற தலைப்பின் கீழே வரிசையாகச் சாதனை, பாராட்டு, பொறுப்பு, சம்பளம்.

ஹெர்ஸ்பெர்க்கும் அவருடைய சகாக்களும் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் பேசி, 1959-இல் புத்தகம் வெளியிட்டவர்கள். அவர் சம்பளத்தை வைத்தது இன்னொரு பெட்டியில். சம்பளம், மேற்பார்வை, வேலையிடத்து வசதி போன்றவை குறைந்தால் மனக்குறை வரும். நிறைவாகக் கொடுத்தால் மனக்குறை தீரும், அதோடு சரி. ஆர்வம் வருவது வேலைக்குள்ளிருந்து: செய்து முடித்த திருப்தி, கிடைத்த பாராட்டு, ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. காசு தந்தால் உழைப்பார்கள் என்பது நம் எல்லாருடைய நினைப்பு. அதனால்தான் குறிப்பெழுதியவளின் கை தானாகவே சம்பளத்தை அங்கே சேர்த்துவிட்டது. பழைய திட்டப்படி அவளே கேள்வியும் போட்டிருந்தால், தேர்வு மண்டபம் வரைக்கும் அந்தப் பிழை யாருக்கும் தெரிந்திருக்காது.

இந்த முறை எல்லாக் குழுவுக்கும் சரிப்படாது. ஒருத்தி குறிப்பே அனுப்பாமல் விட்டால் சங்கிலி அங்கேயே அறும். இரண்டே பேர் என்றால், குறிப்பைப் படித்துவிட்டுக் கேள்விக்குப் பதில் எழுத மூன்றாவது ஆளே இருக்காது. கணக்குப் போடுகிற பாடங்களுக்கு அத்தியாயத்தைப் பிரிப்பதே ஆபத்து, அங்கே மூன்றாவது புரியாமல் நான்காவது புரியாது. நிர்வாகப் பாடம் அப்படியில்லை, அத்தியாயங்கள் ஓரளவு தனித்தனியாக நிற்கும். அதனால்தான் இங்கே இது நடந்தது.

சனி இரவு ஹெர்ஸ்பெர்க் கேள்வி திரும்ப வந்தது, மூன்று பேரும் சரியாக எழுதினார்கள். மீ கோரெங் தண்டனை கடைசியில் குழுத்தலைவிக்கே விழுந்தது. எட்டாவது அத்தியாயக் கேள்விகளை அவள் செவ்வாய் இரவுக்குப் பதிலாகப் புதன் மத்தியானம்தான் அனுப்பினாளாம்.

ஞாயிறு இரவு குழுவுக்கு அவள் போட்ட கடைசிச் செய்தியையும் எனக்கு அனுப்பியிருந்தாள்: "நாளைக்கு மெட்ரிக் கார்டு, ரெண்டு பேனா. எட்டு மணிக்கு மண்டப வாசல். ஹெர்ஸ்பெர்க் பத்தி இனிமே யாரும் என்கிட்ட கேக்காதீங்க, தூங்குங்க."